நேரடி முறையும் மறைமுக முறையும்: பணப்பாய்வு அறிக்கையில் கடன் கொடுப்பவர் எதைப் படிக்கிறார்?

இரண்டு முறையிலும் கடைசியில் வரும் தொகை ஒன்றுதான் என்றால், எந்த முறையில் தயாரித்தால் என்ன?

தொகை ஒன்றுதான். முதலீடு, நிதி திரட்டல் ஆகிய இரண்டு பகுதிகளும்கூட எந்த முறையிலும் ஒரே மாதிரியாகவே இருக்கும். செயல்பாட்டு நடவடிக்கைகள் என்ற முதல் பகுதியில், அந்தத் தொகைக்கு வந்து சேரும் வழி மட்டுமே மாறுகிறது. நேரடி முறை, வாடிக்கையாளர்களிடமிருந்து எவ்வளவு வசூலானது, சரக்கு விற்றவர்களுக்கு எவ்வளவு கொடுத்தோம், சம்பளமாகவும் வரியாகவும் எவ்வளவு போனது என்று, கைமாறிய பணத்தையே வகை வகையாகக் காட்டுகிறது. மறைமுக முறை இலாபத்தில் தொடங்கி, பணம் சம்பந்தப்படாத செலவுகளைத் திரும்பக் கூட்டி, பாக்கிகளிலும் சரக்கிருப்பிலும் ஏற்பட்ட ஏற்ற இறக்கங்களைச் சரிக்கட்டி அதே தொகையை அடைகிறது.

கடன் கொடுப்பவருக்கு இவை இரு வேறு கேள்விகளுக்கான விடைகள். ஈட்டியதாகச் சொல்லும் இலாபம் ஏன் பணமாக மாறவில்லை என்பதற்கு மறைமுக முறையில் விடை இருக்கிறது. உள்ளே வரும் பணம் என் தவணைக்கு முன்னால் யார் யார் கைக்குப் போகிறது, அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதற்கு நேரடி முறையில்தான் விடை இருக்கிறது. கடன் கோப்பில் பெரும்பாலும் முதலாவது மட்டுமே இருக்கும். தவணை தவறிய பிறகு எல்லோரும் தேடுவது இரண்டாவதை.

ஒரே நிறுவனத்தின் கணக்கை இரண்டு முறையிலும் போட்டுக் காட்ட முடியுமா?

வேகமாக வளரும் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் அமைத்த கணக்கு. தொகைகள் எல்லாம் லட்சத்தில்; அட்டவணைகளில் அடைப்புக்குறிக்குள் இருப்பவை கழிக்க வேண்டிய தொகைகள். விற்பனை 1,200. விற்ற சரக்கின் அடக்கம் 840, சம்பளமும் மற்ற செலவுகளும் 210, தேய்மானம் 40, வாராக்கடனுக்கான ஒதுக்கீடு 10. ஆக, செயல்பாட்டு இலாபம் 100. பழைய இயந்திரம் ஒன்றை விற்றதில் ஆதாயம் 6, வட்டிச் செலவு 26, வரி 20. வரிக்குப் பிந்தைய இலாபம் 60.

இருப்புநிலைக் குறிப்பில், ஒதுக்கீட்டைக் கழிக்கும் முன் வாடிக்கையாளர் பாக்கி 184-லிருந்து 304 ஆக உயர்ந்திருக்கிறது. சரக்கிருப்பு 150-லிருந்து 190. சரக்குக்காகக் கொடுக்க வேண்டிய பாக்கி 120-லிருந்து 150. கொடுபடாத சம்பளமும் செலவும் 12-லிருந்து 15, கொடுபடாத வட்டி 3-லிருந்து 5, கொடுக்க வேண்டிய வரி 8-லிருந்து 6.

நேரடி முறை:

| விவரம் | தொகை |
|---|---|
| வாடிக்கையாளர்களிடம் வசூலானது | 1,080 |
| சரக்கு விற்றவர்களுக்குக் கொடுத்தது | (850) |
| சம்பளம், மற்ற செலவுகள் | (207) |
| செலுத்திய வரி | (22) |
| வட்டிக்கு முன் மிச்சம் | 1 |
| செலுத்திய வட்டி | (24) |
| செயல்பாட்டிலிருந்து நிகரப் பணம் | (23) |

மறைமுக முறை:

| விவரம் | தொகை |
|---|---|
| வரிக்குப் பிந்தைய இலாபம் | 60 |
| தேய்மானம் | 40 |
| வாராக்கடன் ஒதுக்கீடு | 10 |
| இயந்திரம் விற்ற ஆதாயம் | (6) |
| வாடிக்கையாளர் பாக்கி உயர்வு | (120) |
| சரக்கிருப்பு உயர்வு | (40) |
| சரக்குப் பாக்கி உயர்வு | 30 |
| கொடுபடாத செலவு, வட்டி உயர்வு | 5 |
| வரிப் பாக்கி குறைவு | (2) |
| செயல்பாட்டிலிருந்து நிகரப் பணம் | (23) |

மீதிப் பகுதிகளையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். புதிய இயந்திரத்துக்குக் கொடுத்த பணம் 65, பழையதை விற்று வந்தது 10. புதிதாக வாங்கிய கடன் 120, திருப்பிக் கட்டிய அசல் 40. ஆண்டுத் தொடக்கத்தில் 14 ஆக இருந்த ரொக்கம் ஆண்டு முடிவில் 16 ஆகிறது.

வசூல் 1,080 என்ற எண் எப்படி வந்தது?

விற்பனை 1,200. அதில் வாடிக்கையாளர் பாக்கியாக ஏறி நின்றது 120. மிச்சம் 1,080 வசூலாகியிருக்க வேண்டும். சரக்குக்குக் கொடுத்ததும் இதே வழியில் வருவதுதான்: விற்ற சரக்கின் அடக்கம் 840-உடன் கிடங்கில் கூடுதலாகத் தங்கிய 40-ஐச் சேர்த்தால் கொள்முதல் 880; அதில் இன்னும் கொடுக்காமல் வைத்திருப்பது 30; ஆகவே கொடுத்தது 850.

இங்கே அடிக்கடி நேரும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். இருப்புநிலைக் குறிப்பின் முகப்பில் பாக்கி, வாராக்கடன் ஒதுக்கீட்டைக் கழித்த பிறகே நிற்கும். இந்த நிறுவனத்தில் ஒதுக்கீடு 4-லிருந்து 14 ஆகியிருப்பதால், முகப்பில் தெரிவது 180-லிருந்து 290 வரையிலான உயர்வு, அதாவது 110. அதை மட்டும் பார்த்துக் கழித்தால் வசூல் 1,090 என்று வந்துவிடும். அந்தக் கூடுதல் 10 யாரும் கொடுத்த பணமல்ல. வராமல் போகலாம் என்று ஒதுக்கிவைத்த தொகை, வசூல் என்ற பெயரில் உள்ளே வந்துவிட்டது. வாராக்கடன் அதிகமாக அதிகமாக வசூலும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும் என்பதால், இது கடன் கொடுப்பவரை நேர் எதிர்த் திசையில் திருப்பிவிடக்கூடிய பிழை. முகப்பை விட்டு, பாக்கியைப் பற்றிய குறிப்புக்குப் போய், ஒதுக்கீட்டுக்கு முந்தைய தொகையை எடுத்தே கணக்கிட வேண்டும்.

இலாபம் 60 இருந்தும் பணம் 23 குறைகிறது என்றால் நிறுவனம் நொடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமா?

அப்படி உடனே சொல்லிவிட முடியாது. அந்த முடிவுக்கு வரும் முன் செய்ய வேண்டிய ஆய்வுக்கு மறைமுக முறைதான் சரியான கருவி. பட்டியலில் மிகப் பெரிய தொகை, வாடிக்கையாளர் பாக்கி உயர்வு 120. விற்பனை கூடினால் பாக்கியும் கூடத்தான் செய்யும். ஆகவே இந்த 120-இல் எவ்வளவு வளர்ச்சியால் வந்தது, எவ்வளவு தாமதத்தால் வந்தது என்று பிரிக்க வேண்டும்.

போன ஆண்டின் விற்பனை 960 என்று வைத்துக்கொள்வோம். அப்போது பாக்கி 184. 365 நாள் கணக்கில் அது 70 நாள் விற்பனைக்குச் சமம். இந்த ஆண்டு 1,200 விற்பனைக்குப் பாக்கி 304. அது ஏறத்தாழ 92 நாள். வாடிக்கையாளர்கள் பழையபடி 70 நாளில் பணம் கொடுத்திருந்தால் இந்த ஆண்டு முடிவில் பாக்கி சுமார் 230 ஆக இருந்திருக்கும். எனவே 120-இல் 46 வளர்ச்சியின் பங்கு, 74 தாமதத்தின் பங்கு. அந்த 74 வசூலாகியிருந்தால் செயல்பாட்டுப் பணம் மைனஸ் 23-க்குப் பதிலாகப் பிளஸ் 51 ஆக இருந்திருக்கும்.

வளர்ச்சியால் ஏறும் பாக்கிக்கு நடைமுறை மூலதனக் கடன் கொடுப்பது வங்கியின் வழக்கமான வேலை. தாமதத்தால் ஏறிய 74-க்குக் கடன் கொடுத்தால், அந்த வாடிக்கையாளர்களுக்கு வங்கியே நேரடியாகக் கடன் கொடுத்ததாக ஆகிறது. அவர்கள் யார் என்பதே அதற்குத் தெரியாது. ஆகவே அடுத்த கேள்வி, அந்த 304 எந்தெந்த வாடிக்கையாளரிடம், எத்தனை நாளாக நிற்கிறது என்பதுதான். இரண்டு முறையிலும் அதற்குப் பதில் இல்லை. பாக்கியின் வயதுப் பட்டியலைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மறைமுக முறையே இவ்வளவு சொல்லும்போது, நேரடி முறை வங்கிக்குப் புதிதாக என்ன சொல்லிவிடும்?

பணத்தின் அளவைச் சொல்கிறது. மறைமுக முறையின் பட்டியலில் இருப்பவை எல்லாம் வித்தியாசங்கள்: 120 கூடியது, 40 கூடியது, 2 குறைந்தது. அந்த நிறுவனத்தின் வழியாக ஆண்டு முழுவதும் மொத்தம் எவ்வளவு பணம் ஓடியது என்பதை அதிலிருந்து படிக்கவே முடியாது. பத்து மடங்கு பெரிய நிறுவனத்துக்கும் அதே வித்தியாசங்கள் வரக்கூடும்.

மேலே உள்ள நேரடி அறிக்கையை வசூலான ஒவ்வொரு 100-க்கும் என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். 100 உள்ளே வந்தால், ஏறத்தாழ 79 சரக்கு விற்றவர்களுக்கும், 19 சம்பளத்துக்கும் மற்ற செலவுகளுக்கும், 2 வரிக்கும் போய்விடுகிறது. வட்டிக்கும் அசலுக்கும் மிஞ்சுவது நடைமுறையில் எதுவுமே இல்லை. இதே நிறுவனத்தின் தவணை தாங்கும் திறனை, கடன் மேசையில் வழக்கமாகச் செய்வதுபோல், செயல்பாட்டு இலாபத்துடன் தேய்மானத்தைக் கூட்டிய 140-ஐ வைத்துக் கணக்கிட்டால், ஆண்டின் வட்டியும் அசலும் சேர்ந்த 64-ஐப்போல் 2.2 மடங்கு வருகிறது. கடன் தாராளமாகத் தாங்கும் என்று எழுதிவிடலாம். வட்டிக்கு முன் கையில் மிஞ்சிய பணம் 1; கட்ட வேண்டியது 64. ஆண்டு முழுவதும் தவணை தவறாமல் கட்டப்பட்டதற்கு ஒரே காரணம், புதிதாக வாங்கிய 120. பழைய கடனைப் புதிய கடன் அடைத்திருக்கிறது.

சோதனை செய்து பார்ப்பதற்கும் நேரடி முறையே வசதி. வசூல் 5 விழுக்காடு குறைந்தால் 54 குறைகிறது. அந்த 54-ஐ எந்தச் செலவினத்திலிருந்து ஈடுகட்ட முடியும்? வரியைத் தள்ளிப்போட முடியாது. சம்பளத்தையும் வாடகையையும் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டால் வேலையே நின்றுவிடும். மிஞ்சுவது சரக்கு விற்றவர்கள் மட்டுமே. அவர்களுக்குத் தரவேண்டியது ஏற்கனவே 30 ஏறியிருக்கிறது. அவர்கள் இன்னும் எவ்வளவு பொறுப்பார்கள் என்பதுதான் இந்தக் கடனின் உண்மையான இடர் என்று அந்த இடத்தில் தெளிவாகிவிடும். மறைமுக முறையின் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் இந்தக் கேள்வி எழாது, ஏனென்றால் அதில் எதைத் தள்ளிப்போட முடியும், எதை முடியாது என்ற பிரிவே கிடையாது.

எங்கள் கணக்காளர் இருப்புநிலைக் குறிப்பை வைத்தே நேரடி முறை அறிக்கை தயாரித்துக் கொடுத்துவிட்டார். அது போதாதா?

வடிவம் நேரடி முறைதான்; ஆனால் கடன் கொடுப்பவருக்கு அதில் புதிய சான்று எதுவும் இல்லை. முன்பு 1,080-ஐ நான் கணக்கிட்டுக் காட்டியதும் அதே வழியில்தான்: இலாப நட்டக் கணக்கையும் இரண்டு இருப்புநிலைக் குறிப்புகளையும் வைத்து, வசூல் இவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கி ஊகித்தோம். வங்கிக் கணக்கில் உண்மையில் எவ்வளவு வரவானது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எனவே இருப்புநிலைக் குறிப்பில் ஒரு தொகை தவறாக வகைப்படுத்தப்பட்டிருந்தால், மறைமுக முறையில் வரும் அதே பிழை இந்த அறிக்கையிலும் அப்படியே வரும். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்த வேறுபாட்டை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன்.

நம் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளலாம். புதிய இயந்திரத்தின் விலை 90, கொடுத்தது 65, இயந்திரம் விற்றவருக்கு இன்னும் 25 பாக்கி. அந்த 25-ஐயும் பேரேட்டில் சரக்குப் பாக்கியுடன் ஒரே தலைப்பில் வைத்திருந்தால், கொடுக்க வேண்டிய பாக்கி 120-லிருந்து 175 ஆக உயர்ந்ததாகத் தெரியும். உயர்வு 30-க்குப் பதில் 55. மறைமுக முறையில் செயல்பாட்டுப் பணம் மைனஸ் 23 என்பது பிளஸ் 2 ஆக மாறிவிடுகிறது. பின்னோக்கிக் கணக்கிட்ட நேரடி அறிக்கையிலும் சரக்குக்குக் கொடுத்தது 850-க்குப் பதில் 825 என்று வந்து, அதே பிளஸ் 2 கிடைக்கிறது. முதலீட்டுப் பகுதியில் இயந்திரத்துக்குக் கொடுத்தது 65-க்குப் பதில் 90 என்று ஆகிவிடுவதால், கடைசி ரொக்கம் 16 கச்சிதமாக ஒத்துப்போகும். கூட்டல் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மைனஸிலிருந்து பிளஸுக்கு மாறிய அந்த ஒரு தொகையை நம்பிக் கடன் நீட்டிக்கப்பட்டுவிடும்.

வங்கிப் பேரேட்டிலிருந்து எழுந்த நேரடி அறிக்கையில் இந்தப் பிழை நிற்க முடியாது. இயந்திரம் விற்றவருக்கு ஆண்டில் போன பணம் 65 மட்டுமே. 90 போனதாகக் காட்ட அங்கே பதிவே இல்லை. ஆகவே, நேரடி அறிக்கை ஒன்று கைக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டியது, இது எதிலிருந்து தயாரிக்கப்பட்டது என்பதே. பதில் தெளிவாக இல்லாவிட்டால் சோதிக்க ஒரு வழி உண்டு: ஏதாவது ஒரு மாதத்தின் வசூலை மட்டும் அன்றே எடுத்துத் தரச் சொல்லலாம். பேரேட்டிலிருந்து தயாரித்தவரால் உடனே தர முடியும். இருப்புநிலைக் குறிப்பிலிருந்து தயாரித்தவர் அந்த மாதத்துக்கு முதலில் கணக்கை முடித்தாக வேண்டும்.

பேரேட்டிலிருந்து தயாரிக்க வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது?

எல்லா வங்கிக் கணக்குகளின் பேரேட்டையும் ரொக்கப் பேரேட்டையும் ஆண்டு முழுவதற்கும் ஒரே அட்டவணையில் கொட்டி, ஒவ்வொரு வரவுக்கும் செலவுக்கும் ஒரு வகைக் குறியீடு கொடுப்பதுதான் தொடக்கம். ஏழெட்டு வகைகளே போதும். நிறையக் குறியீடுகள் வைத்தால் பதிவு செய்பவர் சலித்துப்போய் எல்லாவற்றையும் “மற்றவை” என்ற தலைப்பில் தள்ளிவிடுவார். அந்தத் தலைப்பு பெருத்தால் அறிக்கைக்கு மதிப்பே இல்லை.

அதன் பிறகு நீக்க வேண்டியவற்றை நீக்க வேண்டும். சொந்தக் கணக்குகளுக்கு இடையில் மாற்றிய பணம் ஒரு கணக்கில் செலவாகவும் இன்னொன்றில் வரவாகவும் நிற்கும். இரண்டையும் எடுத்துவிட வேண்டும். வங்கி அறிக்கையின் மொத்த வரவைப் பார்த்து வசூல் நன்றாக இருக்கிறது என்று மயங்குவது பெரும்பாலும் இதனால்தான். அடுத்தது திரும்பி வந்த காசோலை: 5 லட்சத்துக்கான காசோலை போடும்போது வரவாகவும் திரும்பும்போது செலவாகவும் பதிவாகியிருந்தால், வசூலும் செலவும் இரண்டுமே 5 கூடித் தெரியும். அதை வசூலிலேயே கழிக்க வேண்டும். திரும்பிய காசோலைகளின் மொத்தத்தை ஒரு குறிப்பாகத் தனியே எழுதிவைப்பதும் நல்லது, கடன் கொடுப்பவர் அதை ஆவலுடன் படிப்பார். வாடிக்கையாளரே சரக்கு விற்பவராகவும் இருந்து, பாக்கிக்குப் பாக்கி ஈடுசெய்திருந்தால், பணம் கைமாறவில்லை. அது அறிக்கையில் வராது.

விற்பனை வரி ஒரு தனிச் சிக்கல். வாடிக்கையாளர் கொடுக்கும் பணத்தில் வரியும் சேர்ந்தே வருகிறது; விற்பனைத் தொகையிலோ வரி சேராது. மேலே உள்ள உதாரணத்தில் எளிமைக்காக அதை விட்டுவிட்டேன். உண்மைக் கணக்கில், வசூலை விற்பனையுடன் ஒப்பிடும் முன் இரண்டும் வரியுடனா, வரி நீக்கியா என்பதை ஒரே மாதிரியாக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வசூல் விகிதம் வரி விழுக்காட்டின் அளவுக்கு உயர்ந்து தெரியும்.

கடைசியாக, இப்படி எழுந்த நிகரத் தொகையை மறைமுக முறையில் வரும் தொகையுடன் ஒத்துப்பார்க்க வேண்டும். இரண்டும் தனித்தனி வழியில் வந்தவை என்பதால், ஒத்துப்போனால் அந்த ஒப்புதலுக்குப் பொருள் உண்டு. ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசம் பெரும்பாலும் மேலே சொன்ன இயந்திரப் பாக்கி போன்ற ஏதோ ஒரு தவறான வகைப்பாட்டில்தான் போய் முடியும்.

வட்டியை எந்தப் பகுதியில் காட்டுவது?

எந்தத் தரநிலை என்பதைப் பொறுத்தது. பணப்பாய்வு அறிக்கைக்கான சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 7 இதுவரை, செலுத்திய வட்டியைச் செயல்பாட்டிலோ நிதி திரட்டலிலோ காட்ட அனுமதித்து வந்திருக்கிறது. அமெரிக்கத் தரநிலை அதைச் செயல்பாட்டில் காட்டச் சொல்கிறது. 2024 ஏப்ரலில் வெளியான ஐஎஃப்ஆர்எஸ் 18 என்ற புதிய சர்வதேசத் தரநிலை, 2027 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளுக்குக் கட்டாயமாகிறது. அதனுடன் ஐஏஎஸ் 7-இலும் திருத்தம் வருவதால், வங்கி போன்றவை அல்லாத பெரும்பாலான நிறுவனங்கள் செலுத்திய வட்டியை நிதி திரட்டல் பகுதியிலேயே காட்ட வேண்டும். மறைமுக முறையும் இனி செயல்பாட்டு இலாபத்திலிருந்து தொடங்கும்.

நம் நிறுவனம் வட்டி 24-ஐ நிதி திரட்டல் பகுதிக்கு மாற்றினால், செயல்பாட்டுப் பணம் மைனஸ் 23-லிருந்து பிளஸ் 1 ஆகிவிடும். வியாபாரத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆகவே இரண்டு ஆண்டுகளையோ இரண்டு நிறுவனங்களையோ ஒப்பிடும் முன், வட்டி எங்கே நிற்கிறது என்று பார்த்து, ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வட்டிக்கு முந்தைய தொகையை எடுத்துக்கொண்டு, அதை வட்டியும் அசலும் சேர்ந்த தொகையுடன் ஒப்பிடுவதே எனக்குப் பாதுகாப்பானதாகப் படுகிறது.

வசூலையே கைமாறிய பணமாகக் காட்டும்போது அதில் ஏமாற்ற இடமில்லையே?

இடம் இருக்கிறது. பாக்கியின் பேரில் முன்கூட்டியே பணம் தரும் ஃபேக்டரிங் நிறுவனத்திடம் பாக்கிப் பட்டியலைக் கொடுத்து, வாடிக்கையாளர் தராவிட்டால் நாங்களே திருப்பித் தருவோம் என்ற நிபந்தனையுடன் 30 லட்சம் வாங்கினால், அது கடன். அதை வசூல் என்று குறியீடு இட்டுப் பாக்கியிலும் கழித்துவிட்டால், நேரடி முறையில் வசூல் 1,110 ஆகும், செயல்பாட்டுப் பணம் பிளஸ் 7 ஆகும். பாக்கி நாள்களும் 92-லிருந்து 83 ஆகக் குறைந்து, மறைமுக முறையின் ஆய்வும் கெட்டுவிடும். இதைப் பிடிக்க ஒரே இடம் வங்கிப் பேரேடுதான். பணம் அனுப்பியவரின் பெயர் வாடிக்கையாளர் பட்டியலில் இல்லாத வரவுகளை மட்டும் வடிகட்டி எடுத்தால் அந்த 30 உடனே மேலே வந்து நிற்கும்.

கொள்முதல் பக்கத்திலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு: சரக்கு விற்றவருக்கு நிதி நிறுவனம் ஒன்று முன்கூட்டியே பணம் கொடுத்துவிட, நம் நிறுவனம் பின்னர் அந்த நிதி நிறுவனத்துக்குக் கொடுக்கும். பாக்கி மட்டும் இன்னும் சரக்குப் பாக்கியாகவே ஏட்டில் நிற்கும். இத்தகைய ஏற்பாடுகளைக் குறிப்பில் தெரிவிக்க வேண்டும் என்று ஐஏஎஸ் 7-இல் சேர்க்கப்பட்ட விதி 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடன் கொடுப்பவர் அந்தக் குறிப்பைத் தவறாமல் படிக்க வேண்டும்.

நேரடி முறை மறைத்து, மறைமுக முறை காட்டிக்கொடுப்பதும் உண்டு. வாடிக்கையாளர்கள் கொடுத்த முன்பணம் நேரடி முறையில் வசூலோடு கரைந்துவிடும். மறைமுக முறையில் அது தனி இனமாக, முன்பணப் பொறுப்பின் உயர்வு என்று நிற்கும். அந்தப் பணத்துக்கு இனிமேல்தான் சரக்கு வாங்கி அனுப்ப வேண்டும் என்பது அங்கேதான் தெரியும்.

தரநிலைகளே நேரடி முறையைப் பரிந்துரைத்தும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏன் மறைமுக முறையிலேயே தயாரிக்கின்றன?

ஐஏஎஸ் 7 நேரடி முறையை ஊக்குவிக்கிறது, கட்டாயமாக்கவில்லை. 1987-இல் அமெரிக்காவில் வந்த எஃப்ஏஎஸ் 95 என்ற கணக்கியல் தரநிலையும் அவ்வாறே. அங்கே நேரடி முறையில் தயாரித்தாலும், இலாபத்திலிருந்து செயல்பாட்டுப் பணத்துக்கு வரும் ஒத்திசைவையும் சேர்த்துத் தர வேண்டும் என்பதால் வேலை இரட்டிப்பாகிறது. கணக்கு மென்பொருள்கள் வரவு செலவை உரிமை தோன்றிய நாளில் பதிவு செய்யும்படி அமைந்தவை. பணம் எந்த வகையில் கைமாறியது என்ற குறியீட்டைப் பதிவின்போதே சேர்க்காவிட்டால், ஆண்டு முடிவில் அதைத் திரட்டுவது பெரும் உழைப்பு. சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு வங்கிக் கணக்குகள் ஒன்றிரண்டே இருக்கும் என்பதால், இந்தச் சிரமம் அவர்களுக்கு உண்மையில் மிகக் குறைவு.

வங்கி கடன் புதுப்பிக்கும்போது எதைக் கொடுத்தால் சரியாக இருக்கும்?

ஆண்டுக்கு மறைமுக முறை, மாதத்துக்கு நேரடி முறை என்று இரண்டையும் கொடுப்பது நல்லது. ஆண்டு அறிக்கையில் இரண்டு தேதிகளின் இருப்பு மட்டுமே பேசும். ஆண்டின் கடைசி இரண்டு வாரங்களில் சரக்கு விற்றவர்களுக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்தால், எந்த முறையிலும் செயல்பாட்டுப் பணம் கூடித் தெரியும். பன்னிரண்டு மாத நேரடி அறிக்கையில் அது மறையாது: பன்னிரண்டாவது மாதம் கொடுப்பனவு திடீரென்று இறங்கி, அடுத்த ஆண்டின் முதல் மாதம் அதே அளவு ஏறும். அதனால் ஆண்டு முடிந்த பிறகு வரும் முதல் மாதத்தையும் சேர்த்துப் பதின்மூன்று மாதங்களாகக் கேட்பது கடன் கொடுப்பவருக்கு நல்லது.

நிறுவனம் ஏற்கனவே நெருக்கடியில் இருந்தால், கடன் கொடுப்பவர்கள் பொதுவாகக் கேட்பது பதின்மூன்று வார முன்கணிப்பு. அது முழுக்க நேரடி முறையிலேயே இருக்கும்: எந்த வாரம் எந்த வாடிக்கையாளரிடமிருந்து எவ்வளவு வரும், எந்த வாரம் சம்பளம், எந்த வாரம் தவணை. அந்த முன்கணிப்பை ஒருமுறை வாங்கிக் கோப்பில் வைத்தால் பயனில்லை. ஒவ்வொரு வாரமும் கணித்த வசூலுக்கு எதிரே உண்மை வசூலை எழுதி, வித்தியாசத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: அடுத்த வாரம் வந்துவிடும் தாமதம் ஒன்று, இனி வரவே வராதது மற்றொன்று. மூன்று வாரம் தொடர்ந்து ஒரே வாடிக்கையாளரின் பெயர் “தாமதம்” என்ற பத்தியில் இருந்தால், அந்தத் தொகையை நான்காவது வாரம் இரண்டாவது பத்திக்கு மாற்றிவிட்டு, மீதிப் பத்து வாரங்களையும் அது இல்லாமல் மறுபடி கணக்கிடுங்கள்.